காலி அறைப் படத்தில் சோபா போடுவது எப்படி: டைல்ஸ் கணக்கை வைத்து அளவு தவறாமல் செய்யும் முறை

பாளையங்கோட்டையில் எங்கள் பெரியப்பா வீடு ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். விற்பதற்குப் படம் எடுத்துப் போடும் வேலை என்னிடம் வந்தது. காலி ஹாலைப் படத்தில் பார்த்தால் அது பத்தடியா பதினைந்தடியா என்று யாருக்கும் பிடிபடாது. வாங்க நினைப்பவர்களில் பாதிப்பேர் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள், படத்தைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். அதனால் இணையத்தில் கிடைத்த ஒரு சோபா படத்தைப் பின்னணி நீக்கி, ஹால் படத்தின் மேல் ஒட்டிப் போட்டேன். படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

படத்தைப் பார்த்துத் தென்காசியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கையில் டேப் கொண்டுவந்திருந்தார். ஹாலில் நின்று அளந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, படத்துல சோபா, டீப்பாய் எல்லாம் போட்டும் தாராளமா நடக்க இடம் காட்டுதிய. இங்க அதெல்லாம் போட்டா கால் வைக்க முடியாதே" என்றார். அவர் சொன்னது சரி. நான் போட்ட சோபா, நிஜ சோபாவில் முக்கால் அளவுகூட இல்லை. அவர் கோபப்படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சும் இல்லை. அந்த ஒரு படத்துக்காக அவர் ஒரு நாளைச் செலவழித்து வந்திருக்கிறார்.

அதன்பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மென்பொருளுக்குச் செலவு கிடையாது. படத்தை வைத்துக் கேமரா இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் fSpy, முப்பரிமாணச் சாமான்களை அடுக்கிப் படமாக்கும் Blender, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் திருத்தும் GIMP மூன்றும் இலவசம்.

## 1. படம் எடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியது, அளந்து வைக்க வேண்டியது

வீடு உங்களுடையது இல்லையென்றால், உரிமையாளரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்த வீட்டின் அறைகளைப் படம் எடுக்கவும், அதில் கணினியில் மரச்சாமான்களைச் சேர்த்து விளம்பரத்தில் போடவும் சம்மதிக்கிறேன்' என்று இரண்டு வரி, தேதி, கையெழுத்து போதும். எங்கள் வீட்டில் சொந்தம்தானே என்று நான் விட்டுவிட்டேன். பிறகு பெரியப்பாவே, "நம்ம வீட்டுல இல்லாத சோபாவ ஏம்ல போட்டே?" என்று கேட்டபோதுதான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அப்புறம் அளவுத்தாள். ஒரு வெள்ளைத் தாளில் அறையின் படத்தைக் கையால் வரைந்து, இவற்றை எழுதுங்கள்: அறையின் நீள அகலம், வாசல் நிலையின் உயரமும் அகலமும், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது, ஒரு முழு டைலின் அளவு. கடைசியாக, படம் எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். பின்னால் வரும் பாதிக் கணக்கு இதை நம்பித்தான் நிற்கிறது.

வீட்டு வரைபடத்தின் நகல் இருந்தாலும் அதில் உள்ள அளவை அப்படியே எடுக்காதீர்கள். பல வரைபடங்களில் சுவரின் கனமும் சேர்ந்த அளவோ, பூச்சுக்கு முந்தைய அளவோ இருக்கும். பெரியப்பா வீட்டு ஹால் வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் குறைவு.

டைல்ஸ் விஷயத்தில் இரண்டு பொறிகள் உண்டு. கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஒரு டைலில் இது ஒன்றும் தெரியாது. எட்டு டைல் வரிசையில் மூன்று அங்குலம் பிசகும். அடுத்தது, சுவரோரத்தில் இருப்பது பெரும்பாலும் வெட்டிப்போட்ட டைல். அதை முழு டைலாக எண்ணிவிட்டால் கணக்கு மொத்தமும் போய்விடும். நடுவில் நான்கு முழு டைலைச் சேர்த்து டேப்பில் அளந்துகொள்ளுங்கள். எனக்கு இணைப்பு இடைவெளியோடு 2.41 மீட்டர் வந்தது.

## 2. படம் எடுப்பது

அறையின் ஒரு மூலையில் நின்று, எதிர்மூலையைப் பார்த்து எடுங்கள். எதிர்ச்சுவருக்கு நேராக நின்று எடுத்தால் படம் அழகாக வரலாம். ஆனால் டைலின் குறுக்குக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகப் போய்விடும், அவை சந்திக்கும் புள்ளியே கிடைக்காது. அந்தப் புள்ளியை வைத்துத்தான் மென்பொருள் கேமராவின் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நான் முதலில் நேராக எடுத்த படத்தை fSpy-இல் போட்டு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். கோட்டை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் எண்கள் எங்கோ போயின. படத்தை மூலையிலிருந்து திரும்ப எடுத்ததும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

போனை டிரைபாடில் நான்கடி உயரத்தில் வையுங்கள். நான்கடிதான் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அளந்து எழுதுங்கள். போன் முன்னாலும் பின்னாலும் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் மேலே போகப்போக நெருங்கியோ விலகியோ தெரியும். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டு, நிலையின் ஓரத்தை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

0.5x என்று இருக்கும் அகலக் கேமராவைத் தொடாதீர்கள். அறை பெரிதாகத் தெரியும் என்ற ஆசையில் எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள். அதில் ஓரங்கள் இழுபட்டுப் போகும், நேர்க்கோடு வில்லாக வளையும். 1x-இல் எடுங்கள், JPEG ஆக எடுங்கள். எடுத்த படத்தை வெட்டவே கூடாது. fSpy படத்தின் நட்டநடுவைத்தான் லென்ஸின் நடு என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் வெட்டினால் அந்த நடு மாறிவிடும். வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மின்விசிறியையும் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் வேறு நிறம். இரண்டும் கலந்தால் பிறகு சோபாவுக்கு எந்த வெளிச்சம் கொடுப்பது என்று திண்டாட வேண்டும். பெரியப்பா வீட்டு ஹாலுக்குக் கிழக்கே ஜன்னல், காலை ஒன்பதரை மணிக்கு எடுத்தேன். நம்ம ஊர் மதிய வெயிலில் ஜன்னல் பக்கம் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும்.

## 3. கண்மட்டக் கோட்டைக் கண்டுபிடித்து, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படி ஐந்து நிமிடம்தான் எடுக்கும். மென்பொருள் எதுவும் கற்காதவர்கள்கூட, அடுத்தவர் செய்து கொடுத்த படம் சரியா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கேமரா சாயாமல் நின்றிருந்தால், படத்தின் சரிபாதி உயரத்தில் கண்மட்டக் கோடு போகும். என் படம் 4000 × 3000 அளவு. அதனால் கோடு மேலிருந்து 1500-ஆவது வரிசையில். சரிபார்க்க வேண்டுமானால் டைல் இணைப்புக் கோடுகள் இரண்டை நீட்டிப் பாருங்கள், அவை அந்தக் கோட்டின் மேலேயே போய்ச் சந்திக்கும். இன்னொரு திசைக் கோடுகளும் அதே கோட்டில்தான் வேறோர் இடத்தில் சந்திக்கும்.

அந்தக் கோடு அறையில் எதன் மேல் போனாலும், அந்த இடம் தரையிலிருந்து கேமரா உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கேமரா நான்கடியில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் பீரோவிலும் தூரத்தில் இருக்கும் கதவிலும் கோடு நான்கடி உயரத்தைத்தான் தொடும். எனவே முதுகு 33 அங்குல உயரமுள்ள சோபா, அறையில் எங்கே கிடந்தாலும் கோட்டுக்கு மேலே தலை நீட்டக் கூடாது. ஆறடி பீரோ எங்கே நின்றாலும் மூன்றில் இரண்டு பங்கு கோட்டுக்குக் கீழே, ஒரு பங்கு மேலே.

இதையே எண்ணாக எழுதினால்:

```
படத்தில் உயரம் = கோட்டிலிருந்து அடிப்பகுதி வரை × நிஜ உயரம் ÷ கேமரா உயரம்
```

என் சோபாவின் பின்பக்கம் தரையைத் தொடும் இடம் 2100-ஆவது வரிசை. கோட்டிலிருந்து 600 பிக்சல் கீழே. 600 × 33 ÷ 48 என்று போட்டால் சுமார் 412 பிக்சல். முதுகின் உயரம் அவ்வளவு இருந்திருக்க வேண்டும். நான் ஒட்டிய படத்தில் அது 290 பிக்சல்தான் இருந்தது. திருப்பிக் கணக்குப் போட்டால் 23 அங்குலம். முதுகு 23 அங்குலம் என்றால் அது சின்னப் பிள்ளைகள் உட்காரும் சோபா. ஆறரை அடி நீளம் இருக்க வேண்டியது நாலரை அடியாகச் சுருங்கிவிட்டது.

தென்காசிக்காரர் டேப்பில் கண்டுபிடித்தது இதைத்தான். ஹால் அகலம் பத்தடி. நிஜத்தில் சோபாவுக்கு மூன்றடி, டீப்பாய்க்கு இரண்டடி, டிவி மேசைக்கு ஒன்றரை அடி போனால் மீதி மூன்றரை அடிதான். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே கால் நீட்ட ஒன்றேகால் அடி விட்டால், நடந்துபோக இரண்டேகால் அடி. என் படத்தில் எல்லாமே சுருங்கியிருந்ததால் நடக்க நான்கடிக்கு மேல் இருப்பதுபோலத் தெரிந்தது.

## 4. fSpy-இல் கேமராவைப் பிடிப்பது

fSpy-இல் படத்தைத் திறந்ததும் வண்ணக்கோடுகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். இடப்பக்கத்தில் சந்திப்புப் புள்ளிகள் இரண்டு என்று வைத்து, ஒன்றுக்கு x அச்சும் மற்றதற்கு y அச்சும் கொடுங்கள். இரண்டுமே தரையின் திசைகளாக இருக்கட்டும். செங்குத்துத் திசையைக் கொடுக்காதீர்கள், கேமரா நிமிர்ந்து நின்றதால் செங்குத்துக் கோடுகள் சந்திக்கவே போவதில்லை.

x கோடுகள் இரண்டையும் ஒரு திசை டைல் இணைப்புகள் மேல் வையுங்கள். y கோடுகளை இன்னொரு திசையில். இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி, எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவு துல்லியம். ஒன்று தரையிலும் இன்னொன்று ஜன்னலின் மேல் விளிம்பிலுமாக இருந்தாலும் நல்லதுதான், இரண்டும் ஒரே திசையில் ஓடினால் போதும். சுவரையும் ஸ்கர்ட்டிங்கையும் மட்டும் நம்பாதீர்கள். பழைய வீடுகளில் சுவர்மூலை மூலைமட்டத்துக்குச் சேராமல் இருப்பது சாதாரணம். கொத்தனார் டைல் போடும்போது நூல் பிடித்துப் போட்டிருப்பார், சுவரைவிட அந்தக் கோடு நம்பகமானது.

வலப்பக்கத்தில் பார்வைக்கோணம் `Field of view` என்று வரும். போனின் 1x கேமராவில் படுக்கைவாக்கில் எடுத்த படத்துக்குக் கிடைமட்டக் கோணம் 65-லிருந்து 72 டிகிரிக்குள் வர வேண்டும். 45 என்றோ 95 என்றோ வந்தால், எங்கோ கோடு தவறு. மேலே போகாமல் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

அடுத்து அளவு. `Reference distance` என்பதில் டைல் ஓடும் ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து, முன்பு அளந்த நான்கு முழு டைல்களின் இரு முனைகளிலும் புள்ளிகளை வைத்து 2.41 என்று அடியுங்கள், அலகு மீட்டர். ஆரம்பப் புள்ளியைத் தரையில் ஒரு டைலின் மூலையில் வையுங்கள். சேமித்தால் `.fspy` கோப்பு கிடைக்கும்.

## 5. Blender-இல் திறந்து, வாசல் நிலையால் சோதிப்பது

fSpy-க்கான இறக்குமதி நீட்சியை Blender-இல் நிறுவினால், `File > Import > fSpy` என்று வரும். கோப்பைத் திறந்ததும் கேமரா தன் இடத்தில் நிற்கும், பின்னால் உங்கள் ஹால் படம் தெரியும். அறை தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். fSpy-க்குத் திரும்பி ஓர் அச்சின் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினால் நிமிர்ந்துவிடும். Render அளவு உங்கள் படத்தின் அளவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோபாவைக் கொண்டுவருவதற்கு முன் ஒரு சோதனை. வாசல் நிலையின் அளவுக்கு ஒரு வெறும் பெட்டி செய்யுங்கள். எங்கள் நிலை மூன்றடிக்கு ஏழடி, அதாவது 0.914-க்கு 2.134 மீட்டர். அதை நிலை இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். பெட்டியின் விளிம்புகள் படத்தில் உள்ள நிலையோடு ஒட்டி நின்றால் கேமரா சரி. எனக்கு முதல்முறை பெட்டி நிலையைவிட நான்கு அங்குலம் குட்டையாக நின்றது. காரணம் தேடினால், சுவரோரத்து வெட்டு டைலையும் சேர்த்து எண்ணியிருந்தேன். இதைப் பார்க்காமல் சாமான்களை அடுக்கியிருந்தால் எல்லாமே அளவு மாறிப் போயிருக்கும்.

கேமராவின் உயரத்தையும் பாருங்கள். கேமராவைத் தேர்ந்தெடுத்தால் அதன் `Location Z` தெரியும். நான்கடி என்று எழுதி வைத்திருந்தால் 1.22 மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். எனக்கு 1.20 வந்தது, அது போதும்.

## 6. சாமான்களை அடுக்குவது

Poly Haven தளத்தில் உள்ள சோபா, நாற்காலி, மேசை எல்லாம் CC0 உரிமத்தில் வருபவை. விளம்பரத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேறு இடத்தில் எடுத்தால் உரிமத்தைப் படித்து, அந்தப் பக்கத்தைப் படமாகப் பிடித்துச் சேமித்து வையுங்கள்.

எந்த மாதிரியைக் கொண்டுவந்தாலும் அதன் `Dimensions` என்ன என்று முதலில் பாருங்கள். அங்கே வரும் எண் நம்ம ஊர்க் கடையில் கிடைக்கும் சாமானின் அளவாக இருக்க வேண்டும். நான் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு டேப்போடு போய், அனுமதி கேட்டு, மூன்று பேர் சோபாவையும் டீப்பாயையும் இரட்டைக் கட்டிலையும் அளந்துகொண்டு வந்தேன். அரைமணி நேர வேலை. அதற்குப் பிறகு எல்லா அறைக்கும் அந்தத் தாளைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

அறைக்குப் பொருந்தாததைச் சுருக்கிப் பொருத்தாதீர்கள். பத்தடி ஹாலில் மூன்று பேர் சோபாவும் அகலமான டீப்பாயும் நெருக்கம் என்றால், நெருக்கம்தான். நான் இரண்டு பேர் சோபாவுக்கு மாறினேன், டீப்பாயை ஒன்றரை அடி அகலத்துக்கு எடுத்தேன், தரையில் ஒரு பத்தமடைப் பாயை விரித்தேன். ஹால் சின்னதுதான், ஆனால் குடும்பம் உட்காரும் இடமாகத் தெரிந்தது.

கதவு திறக்கும் வழி, சுவிட்ச்போர்டு, ஜன்னல் இவற்றை மறைத்து எதையும் வைக்காதீர்கள். சுவரில் மழைநீர் கசிந்த கறை இருந்தால், அதற்கு முன்னால் பீரோவை நிறுத்துவது ஏமாற்று வேலை.

## 7. நிழலும் பிரதிபலிப்பும்

சோபா மிதப்பதுபோலத் தெரிகிறதே என்று பலர் வருந்துவது இந்த இடத்தில்தான். அளவு சரியாக இருந்தும் படம் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் காலடிதான்.

தரைக்கு ஒரு தட்டையான பலகையைப் போட்டு, `Object Properties > Visibility` என்பதில் `Shadow Catcher` என்பதைத் தேர்ந்தெடுங்கள். Blender-இல் `Render Engine` என்பதை `Cycles` ஆக வைத்தால் இது வேலை செய்யும். பலகை தெரியாது, அதன்மேல் விழும் நிழல் மட்டும் தெரியும். `Film` பகுதியில் `Transparent` என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் இருக்கும் இடத்திலேயே, ஜன்னல் அளவிலேயே ஓர் `Area` விளக்கை வையுங்கள். அளவுத்தாளில் ஜன்னல் உயரத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான். `Color Management` பகுதியில் `View Transform` என்பதை `Standard` ஆக மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் அது AgX என்று இருக்கும், அப்படியே விட்டால் சாமான்களின் நிறம் வெளிறி, படத்தோடு ஒட்டாது.

நிழல் மட்டும் போட்டால் சிமெண்ட் தரைக்குப் போதும். பளபளக்கும் டைல்ஸ் தரையில் போதாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு உங்கள் வீட்டு டைலையே குனிந்து பாருங்கள், நாற்காலிக் கால் தலைகீழாக அதில் தெரியும். Shadow Catcher அதைக் காட்டாது.

இதற்கு நான் செய்வது இப்படி. சாமான்கள் அனைத்தையும் நகல் எடுத்து, தரைமட்டத்தை மையமாக வைத்து `Scale Z`-ஐ -1 ஆக்குகிறேன். எல்லாம் தரைக்குக் கீழே தலைகீழாக நிற்கும், கண்ணாடியில் தெரிவதும் அதே இடத்தில்தான். அதை மட்டும், தரைப் பலகையையும் மேலே உள்ள சாமான்களையும் மறைத்துவிட்டு, தனியாக ஒரு படமாக எடுக்கிறேன். அது தலைகீழாக இருப்பதால் ஜன்னல் விளக்கையும் அதேபோலக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழும். GIMP-இல் கீழே அறைப்படம், அதன்மேல் பிரதிபலிப்பு, அதற்கும் மேல் சாமான் படம் என்று அடுக்கி, பிரதிபலிப்பின் அடர்த்தியை 15 சதவீதத்துக்குக் குறைத்து, கொஞ்சம் மங்கலாக்குகிறேன். தூரத்துத் தரையில் பிரதிபலிப்பு கூடுதலாகவும், கேமராவுக்குப் பக்கத்துத் தரையில் குறைவாகவும் இருப்பதுதான் இயல்பு. சரியான அளவு தெரிய வேண்டுமானால், அறைப்படத்தில் கதவு டைலில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். அந்தக் கதவின் கீழ்ப்பாகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அடர்த்தியை ஒவ்வொரு சதவீதமாக நகர்த்திப் பார்த்தேன். 15-இல் சோபாவின் கால் டைலில் உட்கார்ந்ததுபோல ஆனது.

## 8. செலவும் நேரமும்

எனக்குக் கைக்காசு போனது டிரைபாடுக்கும் போன் பிடிக்கும் கிளிப்புக்கும் டேப்புக்கும்தான். என் மடிக்கணினி பழசு, தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. முழு அளவுப் படம் ஒன்று முடிய நாற்பது நிமிடம் ஓடியது. அதனால் சோதனைக்கு எடுக்கும்போது `Resolution` என்பதை 25 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், எல்லாம் சரியான பிறகு முழு அளவில் ஓடவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

முதல் அறைக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாவது அறையிலிருந்து, அளப்பதும் படம் எடுப்பதும் முக்கால் மணி நேரம், கேமரா பிடிப்பது அரை மணி, அடுக்குவது ஒரு மணி, நிழலும் பிரதிபலிப்பும் ஒரு மணி என்று அமைந்துவிட்டது.

நேரம் இல்லை, வேறொருவரிடம் கொடுத்துச் செய்யப்போகிறேன் என்றால், அவரிடம் வெட்டாத மூலப்படத்தையும் அளவுத்தாளையும் கேமரா உயரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 'சாமான்களின் அளவை எழுதிக் கொடுங்கள்' என்று முன்கூட்டியே கேளுங்கள். வந்த படத்தில் மூன்றாம் படியில் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் ஒரு படுக்கையறையை அப்படி ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். வந்த கட்டிலை டைலை வைத்து எண்ணிப் பார்த்தால் ஐந்தடி நீளம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிய பிறகும் அது ஆறேகால் அடி ஆகவில்லை. அவர்களிடம் அளவுத்தாளைக் கொடுக்காமல் வெறும் படத்தை மட்டும் அனுப்பியது என் பக்கத்துத் தவறு.

## 9. விளம்பரத்தில் போடும்போது

காலி அறைப் படத்தையும் சாமான் போட்ட படத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். சாமான் போட்ட படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே உள்ள விவரத்தில் மட்டும் எழுதினால், வாட்ஸ்அப்பில் படம் மட்டும் தனியாகச் சுற்றும்போது அந்த வரி காணாமல் போய்விடும். நான் எழுதும் வரி இது:

'சாமான்கள் கணினியில் சேர்க்கப்பட்டவை. வீட்டில் இல்லை. ஹால் 10 அடி × 16 அடி. சோபா 4 அடி 10 அங்குலம் × 3 அடி.'

சோபாவின் அளவையும் சேர்த்து எழுதுவது முக்கியம். படிப்பவர் தன் வீட்டுச் சோபாவோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

நீங்கள் சொந்த வீட்டை விற்பவராக இல்லாமல், அடுக்குமாடி கட்டி விற்கும் நிறுவனத்துக்காக இதைச் செய்தால் இன்னும் கவனமாக இருங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து ஒருவர் நஷ்டப்பட்டால், கட்டி விற்பவர் ஈடு கொடுக்க வேண்டும். மூலப்படம், அளவுத்தாள், உரிமையாளர் கடிதம், `.fspy` கோப்பு, `.blend` கோப்பு எல்லாவற்றையும் ஒரே அடைவில் போட்டு, வீடு பத்திரம் பதிவாகும் வரை அழிக்காமல் வையுங்கள்.

அந்தக் கோப்பை வைத்திருப்பதில் எனக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. புதிய படத்தைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா பேசினார்கள். "எங்க அம்மா குடுத்த தேக்குக் கட்டிலு ஒண்ணு இருக்கு, அது அந்த உள்ரூம்ல போடலாமாய்யா?" என்று கேட்டார்கள். அளவு கேட்டேன், நீளம் ஆறரை அடி, அகலம் ஐந்தடி என்றார்கள். அதே அளவில் ஒரு கட்டிலைப் போட்டு, பீரோ கதவு முழுசாகத் திறக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதையும் அடியில் எழுதி அன்று சாயங்காலமே அனுப்பினேன். மறுநாள் காலை, கட்டிலைச் சுவரோடு ஒட்டித் திருப்பிப் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டு ஒரு குரல்செய்தி வந்திருந்தது.